எங்கள் சொந்த நிலத்து மஞ்சள்

செஞ்சி காந்தி பஜாரில் தனகோட்டிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எடைக்கல். காய்கறி மண்டிக்குப் போனால் பையில் சொந்தமாக ஒரு இரண்டு கிலோ இரும்புக் கல்லைப் போட்டுக்கொண்டுதான் போவாள். தராசில் முதலில் தன் கல்லை வைத்துப் பார்ப்பாள்; முள் சரியாக நின்றால்தான் கத்தரிக்காய் மூட்டையை இறக்க விடுவாள். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மண்டிக்காரர்கள் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் அவள் வருவதைப் பார்த்ததும் தாங்களே தராசைத் துடைத்து வைத்தார்கள்.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. அவலூர்பேட்டையில் அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய நைனா, பங்காளி ஒருவன் கேட்டான் என்று வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரை ஏக்கர் புஞ்சை போயிற்று. அவன் பிறகு எழுதி நிரப்பிய அந்தப் பத்திரத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய வேலை தனகோட்டிக்கு வந்தது, வீட்டில் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதான் என்பதால். ஒவ்வொரு வரியாக அவள் படிக்கப் படிக்க நைனா தலையைக் குனிந்துகொண்டே போனார். 'அன்னாரும் அன்னாரது வாரிசுகளும்' என்ற இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து எழுதி வைத்த எதையும் அவள் இரண்டு தடவை படிப்பாள். கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரிதான்.

பத்தொன்பது வயதில் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமனார் பச்சமுத்துவுக்கு ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற தூரத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ராஜாராம், தனகோட்டியின் புருஷன். இளையவள் ஜெயசுதா. ஜெயசுதாவை சென்னையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போட்ட நகைக்காக ராஜாராம் மூன்று வருஷம் கடன் கட்டினான். மாமியார் போய், மாமனாரும் போய் ஆறு வருஷம் ஆகிறது. பட்டா இன்னும் பச்சமுத்து பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுச் சான்று எடுக்க வேண்டும். எடுத்தால் அதில் ஜெயசுதாவின் பெயரும் வரும். வந்தால் அவளிடம் பேச வேண்டும். பேச ராஜாராமுக்குக் கூச்சம், தனகோட்டிக்குப் பயம். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜெயசுதாவும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் எடுக்காததுதான் தனகோட்டிக்கு உறுத்தல். கேட்கிறவளைச் சமாளித்துவிடலாம். கேட்காமல் இருக்கிறவள் மனசில் என்ன வைத்திருக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்கழி பிறந்த புதிதில் ஒரு நாள், பிளவுஸ் வாங்கப் போன இடத்தில் தையல்கடை மணிமொழி தன் போனை நீட்டினாள். மணிமொழியின் தங்கை சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே குரூப்பில் வந்ததென்று அவள் அனுப்பியிருந்தாள்.

"இன்னாக்கா, சொல்லவே இல்ல? உங்க மஞ்சள் மெட்ராஸ் வரைக்கும் போவுது போல."

தனகோட்டி படித்தாள்.

'குடியிருப்பு நண்பர்களுக்கு வணக்கம். பொங்கல் செட் முன்பதிவு செய்யலாம். ஒரு செட்டில்: மூடியுடன் புது மண்பானை ஒன்று, பன்னீர்க் கரும்பு இரண்டு, இலையோடும் கிழங்கோடும் மஞ்சள் செடி இரண்டு சேர்த்துக் கட்டிய கொத்து. மஞ்சள், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எங்கள் சொந்த நிலத்தில் விளைந்தது. கடைசி நேரத்தில்தான் பிடுங்கி வருவோம், வாடியிருக்காது. கரும்பு தோகையோடு முழுசாக வேண்டுமா, லிப்டில் கொண்டுபோக இரண்டாக வெட்டித் தர வேண்டுமா என்று குறிப்பிடவும். பானையை கேஸ் அடுப்பில் வைக்கலாம், இண்டக்‌ஷனில் வைக்க முடியாது. பணம் செட் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும். கீழே உள்ள பட்டியலை அப்படியே காப்பி செய்து, உங்கள் பிளாக், வீட்டு எண், எத்தனை செட் என்று அடுத்த வரியில் சேர்த்துப் போடவும். ஜெயசுதா, பி பிளாக், நான்காவது மாடி.'

கூடவே ஒரு படம். கிணற்று மேட்டிலிருந்து எடுத்தது. மோட்டார் கொட்டகை, அதற்குப் பின்னால் மஞ்சள் பாத்தி, அதற்கும் பின்னால் மலை.

வழக்கம்போல இரண்டாவது தடவையும் படித்தாள். பானை, கரும்பு, லிப்ட் எல்லாம் கண்ணில் பட்டுப் போய்விட்டன. ஒரு இடத்தில் வந்து பார்வை நின்றது. எங்கள் சொந்த நிலத்தில்.

அண்ணன் நிலம் என்று போடவில்லை. பிறந்த வீட்டு நிலம் என்றும் போடவில்லை.

மணிமொழி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தனகோட்டி பிளவுஸை வாங்கிக்கொண்டு, கொக்கியைக்கூடச் சரிபார்க்காமல் கிளம்பினாள். அவள் சரிபார்க்காமல் போனது இதுதான் முதல் தடவை என்று மணிமொழி பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் படத்தை எடுத்தது யார்? ஜெயசுதா இந்தப் பக்கம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. படத்திலிருப்பதோ இந்த வருஷத்து மஞ்சள், தோள் உயரத்துக்கு நிற்கிறது. அப்படியானால் ராஜாராம்தான் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அண்ணனும் தங்கையும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள், தன்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்கிறவர்களிடம் கேட்டால் உண்மை வராது, பதில்தான் வரும். அதனால் அவள் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தாள்.

கவனிக்கத் தொடங்கினால் எல்லாமே ஒரு தினுசாகத்தான் தெரியும். ராஜாராம் போன் வந்தால் எழுந்து கிணற்றுப் பக்கம் போனான். அனந்தபுரத்துக்கு உர விஷயமாகப் போவதாகச் சொன்னவன் திரும்பி வந்தபோது செருப்பில் சூளைச் சாம்பல் ஒட்டியிருந்தது. பானைக்குச் சொல்லப் போயிருக்கிறான். மார்கழிப் பனியில் பச்சைப் பானை காய நாளாகும், குயவர்களிடம் முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? சாப்பிடும்போது, மஞ்சளை இந்த வருஷம் வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளிவிடலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். பார்க்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். வருஷா வருஷம் அவசரப்படுகிற மனுஷன்!

அதற்கு அடுத்த வாரம் ரேஷன் கார்டில் போன் நம்பரை மாற்ற இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் வளர்மதி தெரிந்த பெண். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணன் அன்றைக்குச் சிட்டா எடுத்துக்கொண்டு போனாரே, சென்னையில் தங்கச்சிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தாள். பிரிண்ட் எடுத்ததோடு போட்டோவும் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரச் சொன்னாராம்.

தனகோட்டி கார்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் கொத்துக்குச் சிட்டா எதற்கு? பானைக்குச் சிட்டா எதற்கு? முதலில் எங்கள் நிலம் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டுவது, பிறகு சர்வே நம்பரோடு காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது, பொங்கல் முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ். பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது குனிந்துபோன நைனாவின் தலை ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கே அவலூர்பேட்டை ரோட்டில் மஞ்சள், கரும்பு வியாபாரம் செய்யும் தேவேந்திரனைப் போய்ப் பார்த்தாள். கிணற்றை ஒட்டிய ஐந்து சென்ட் மஞ்சளையும் மொத்தமாகப் பேசினாள். போகிக்கு இரண்டு நாள் முன்னால் ஆளோடு வந்து பிடுங்கிக்கொள்ளட்டும், முன்பணம் வேண்டாம், வார்த்தை போதும் என்றாள். எடைக்கல் தனகோட்டி வார்த்தையை நம்பிப் பேசுவதைப் பார்த்து தேவேந்திரனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. ராஜாராமண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அவள் செய்ததை அவளே நியாயம் என்று நினைத்தாளா என்றால், இல்லை. அந்த மஞ்சளுக்கு அவளே களை எடுத்தவள், மண் அணைத்தவள். அதைப் புருஷனுக்குத் தெரியாமல் விற்பது களவு மாதிரிதான் இருந்தது. ஆனால் பாத்தி காலியாக இருந்தால் நாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்தக் குடியிருப்பில் அத்தனை பேர் முன்னால் எங்கள் நிலம் என்று சொன்னவள் ஒரு கொத்துக்கூடக் காட்ட முடியாமல் நிற்கட்டும். அப்போதாவது யார் நிலம் என்று தெரிந்துகொள்வாள். இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைத் தள்ளினாள்.

மணிமொழி அவ்வப்போது கூப்பிட்டுச் செய்தி சொல்வாள். பட்டியல் நீண்டுகொண்டே போகிறதாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் காப்பி செய்து போட்டதில் ஒரு வீட்டுக்காரரின் வரி காணாமல் போய், அவர் குரூப்பில் சண்டை போட்டாராம். ஒரு அம்மா, பானை எந்த ஊர் மண் என்று கேட்டிருக்கிறாளாம். இன்னொருவர் மஞ்சள் நிஜமாகவே வயலிலிருந்து வருகிறதா, இல்லை மார்க்கெட்டில் வாங்கிக் கட்டித் தருகிறீர்களா, போன வருஷம்போல ஏமாற நாங்கள் தயாரில்லை என்று எழுதியிருக்கிறாராம். தனகோட்டி கேட்டுக்கொண்டாள். போன வருஷம் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. பொழுது விடிந்து பனி கலையும்போது தேவேந்திரனின் மினி லாரி வரப்போரம் வந்து நின்றது. நாலு ஆட்கள் கடப்பாரையோடும் சாக்கோடும் இறங்கினார்கள். தனகோட்டி கிணற்று மேட்டில் நின்றிருந்தாள். ராஜாராம் காலையிலேயே பானை எடுத்து வரப் போய்விட்டிருந்தான். இப்போதெல்லாம் அவன் அதை மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

முதல் பாத்தியில் நாலைந்து செடி பெயர்ந்ததும் பச்சை மஞ்சள் வாசனை எழுந்தது. அப்போது ரோட்டுப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஒரு பெண் இறங்கினாள். தோளில் பை, கையில் சணல் கயிற்றுப் பந்து, கக்கத்தில் சுருட்டிய சாக்குகள். ஜெயசுதா.

அவள் வரப்பில் வேகமாக வந்தாள். பாதி வழியில் ஆட்களைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"அண்ணி, யாரு இவுங்க?"

தேவேந்திரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு வியாபாரம் இருபது வருஷப் பழக்கம். குடும்பச் சண்டையின் வாசனை மஞ்சள் வாசனைக்கு முந்தியே மூக்கில் ஏறிவிடும். ஆட்களை நிறுத்தச் சொன்னான்.

"நீங்க பேசிக்குங்கக்கா. நாங்க ரோட்டாண்ட போயி டீ குடிச்சிட்டு வரோம்."

அவர்கள் போனார்கள். ஜெயசுதா பையை இறக்கி வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் விற்றுவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தனகோட்டி. அண்ணனுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது. ஜெயசுதா பெயர்ந்து கிடந்த செடி ஒன்றைக் குனிந்து எடுத்து, கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு எண்பத்தாறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

தனகோட்டி இத்தனை நாள் மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சுகள் எதுவும் வாய்க்கு வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"எங்க சொந்த நெலம்னு போட்டியே ஜெயசுதா. இன்னா அர்த்தத்துல போட்ட?"

ஜெயசுதா நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்ன கதை இது. போன வருஷம் எவனோ ஒருவன் இதேபோல ஒரு மெசேஜைப் போட்டு, இயற்கை விவசாயப் பொங்கல் செட் என்று சொல்லி, குடியிருப்பு முழுக்க முன்பணம் வாங்கியிருக்கிறான். போகியன்றைக்கு வந்தது காய்ந்த கரும்பும் கிழங்கில்லாத மஞ்சள் இலையும். பானை பாதிக்குப் பாதி விரிசல். பல வீட்டுக்கு அதுவும் வரவில்லை. அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அதனால் இந்த வருஷம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், யார் விற்பதாக இருந்தாலும் விளைந்த இடத்துக்கு ஒரு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜெயசுதாவின் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஆட்குறைப்பில் வேலை போய் நாலு மாதம். அதை அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவள்தான். பிறந்த வீட்டில் கையேந்துகிறாள் என்று அண்ணி நினைத்துவிடக் கூடாதாம்.

"அதுக்கா சிட்டா?"

"அதுக்குத்தான். அந்த செக்ரட்டரி பாத்துட்டு உடனே டெலிட் பண்ணிட்டாரு. என் போன்ல இருக்குது, வேணும்னா நீங்களே அழிச்சிடுங்க."

போனை நீட்டினாள். தனகோட்டி வாங்கவில்லை. கேட்டதெல்லாம் பொருந்தத்தான் பொருந்தியது. ஆனால் பொருந்துகிற கதையைச் சொல்லித்தான் அந்தப் பங்காளியும் நைனாவிடம் கையெழுத்து வாங்கினான். அவள் விடவில்லை.

"சரி. சிட்டாவ வுடு. எங்க அண்ணன் நெலம்னு போட்டா அவுங்க ஒத்துக்க மாட்டாங்களா? எங்க சொந்த நெலம்னு ஏன் போட்ட?"

ஜெயசுதா மலைப்பக்கம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரும்போலிருந்தது, வரவில்லை.

"மொதல்ல எங்க அண்ணன் நெலம்னுதான் அடிச்சேன் அண்ணி. அப்புறம் அத அழிச்சிட்டு இத போட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெர்ல. அங்க எனக்குன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. ஃப்ளாட்டு பேங்குக்காரன்து. போடும்போது நல்லா இருந்திச்சி, அவ்ளோதான்."

"பங்கு கேக்கப் போறியா?"

இத்தனை வருஷம் அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. சொன்ன பிறகு தனகோட்டிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"தெர்ல" என்றாள் ஜெயசுதா. "கேக்க மாட்டேன்னு சத்தியம்லாம் பண்ண மாட்டேன். ரெண்டு புள்ளைங்க வெச்சிருக்கேன். ஆனா கேட்டா உன்னாண்ட நேரா வந்துதான் கேப்பேன். வக்கீல வுட்டு கேக்க மாட்டேன்."

அவள் 'உன்னாண்ட' என்றதைத் தனகோட்டி கவனித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசிய நாளில், ஜெயசுதா அவளை அப்படித்தான் நீ, வா, போ என்று பேசுவாள். எப்போது அது நீங்க ஆனது என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

'கேட்கவே மாட்டேன் அண்ணி, சாமி சத்தியம்' என்று அவள் சொல்லியிருந்தால் தனகோட்டி நம்பியிருக்க மாட்டாள். தெரியாது என்றதால்தான் முதல் தடவையாக அவளை நம்பத் தோன்றியது. நம்பினாலும் பயம் குறையவில்லை. இன்னும் சொல்லப்போனால் கூடிற்று. இதுவரை சந்தேகமாக இருந்தது இப்போது தெரிந்த விஷயம் ஆகிவிட்டது. பங்கு உண்டு, அவள் ஒருநாள் கேட்கலாம், கேட்டால் கொடுக்க வேண்டும். அப்படி நேராகப் பார்த்தபோது, இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த அளவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

தேவேந்திரன் டீ குடித்துவிட்டு வந்தான். கொடுத்த வார்த்தையை மாற்ற முடியாது, ஆனால் கிணற்றோரம் மூன்று பாத்தியை மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று தனகோட்டி கேட்டாள். கூடவே, அன்றைக்கு ராஜாராமுக்குத் தெரியும் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். தனக்கு அது அன்றைக்கே தெரியும், அதனால்தான் இந்த மஞ்சளுக்கு இன்னும் எந்தக் கடையிலும் விலை பேசவில்லை என்றான் அவன். மூன்று பாத்திக்குச் சரி என்றுவிட்டு, உங்கள் வார்த்தையை நம்பி வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது என்று சிரித்தான்.

ராஜாராம் பானைகளோடு வந்தபோது மனைவியும் தங்கையும் பாத்தியில் குனிந்து நின்று மஞ்சள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டியிலிருந்து இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பானைகளை வைக்கோலோடு இறக்கி வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் கயிற்றை வெட்ட உட்கார்ந்தான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் அவன்மேல் விழுந்த வசவு தனிக்கதை. தங்கைக்குக் கஷ்டம் என்றால் சொன்னால் என்ன, நான் என்ன பேயா, பிசாசா என்று தனகோட்டி கேட்டாள். ஜெயசுதா சோற்றைப் பிசைந்துகொண்டே, பேயாக இருந்தால் பயமில்லை அண்ணி, பேய் இத்தனை கேள்வி கேட்காது என்றாள். ராஜாராம் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செடிகளை வேரில் கொஞ்சம் மண் இருக்கவே விட்டு, இரண்டிரண்டாகக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தார்கள். சீயமங்கலம் பக்கத்திலிருந்து கரும்பு வந்து இறங்கியது. எத்தனை வீட்டுக்கு முழுக் கரும்பு, எத்தனை வீட்டுக்கு வெட்டியது என்று ஜெயசுதா சொல்லச் சொல்ல, வெட்டியதைத் தனியாகக் கட்டினார்கள். தோகை இருக்கிற மேல்பாதியை விடக்கூடாது, கோலத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்த அதுதான் வேண்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் விடிகாலையில் வண்டி கிளம்பும்போது தனகோட்டியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஏன் வருகிறாய் என்று கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. திண்டிவனம் தாண்டியதும் எதிர்த்திசையில் கார்களும் பஸ்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. சென்னையே காலியாகித் தெற்கே வந்துகொண்டிருக்க, இவர்கள் வண்டி மட்டும் காலியான ரோட்டில் சென்னைக்குப் போனது.

குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி வண்டி நம்பரை எழுதிக்கொண்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். உள்ளே கார் நிறுத்தும் இடத்தில் இறக்கி வைத்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் முகத்தையெல்லாம் தனகோட்டி பார்த்தாள். அவளுக்கு நன்றாகப் பழக்கமான முகம் அது. மண்டியில் தராசுக்கு முன்னால் நிற்கும்போது தனக்கும் அதே முகம்தான் இருக்கும். ஒரு பெரியவர் பானையைக் காதோரம் வைத்து விரலால் சுண்டினார். ஒரு பெண் மஞ்சள் கிழங்கின் ஓரத்தைக் கிள்ளி முகர்ந்தாள். செயலாளர் வந்து ஒவ்வொரு கட்டாகப் பிரிக்கச் சொன்னார். ஜெயசுதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தனகோட்டிக்குக் கோபமே வரவில்லை. எல்லோரையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொன்னாள். பிடிக்காததை ஒதுக்கி வைக்கச் சொன்னாள். பானையை இன்றைக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், பொங்கலன்றைக்குத் தீயைச் சின்னதாக வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், எடுத்த எடுப்பில் பெரிசாக வைத்தால் எந்த ஊர்ப் பானையும் விரிசல் விடும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அதை மெசேஜில் போட ஜெயசுதா மறந்திருந்தாள்.

பட்டியலில் வரி விட்டுப்போய்ச் சண்டை போட்டவரும் வந்தார். சண்டைக்குப் பிறகு அவர் தன் வரியைத் திரும்பச் சேர்க்காததால், அவருக்கென்று செட் எடுத்து வைத்திருக்கவில்லை. கூடுதலாகக் கொண்டுவந்திருந்த கொத்தும் கரும்பும் இருந்தன, பானைதான் ஒன்று குறைந்தது. ஜெயசுதா தன் வீட்டுக்கென்று வைத்திருந்த பானையை எடுத்துக் கொடுத்தாள். அந்த வருஷம் அவள் குக்கரில்தான் பொங்கல் வைத்தாள்.

மாசியில் ராஜாராம் வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தான். இரண்டு பெயரும் வந்தன. பட்டாவும் அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் கூட்டாக மாறியது. பங்கு பிரிக்கும் பேச்சு இன்னும் வரவில்லை. வரும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். தனகோட்டி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். நாத்தனாரின் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதை அவள்தான் கண்டுபிடித்துத் திருத்தி வாங்கி வந்தாள்.

வைகாசியில் விதை மஞ்சள் நடுகிற நாளில் ஜெயசுதா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வரப்பில் அவள் வருவதைப் பார்த்ததும் தனகோட்டிக்கு, இவள் இப்போது எதற்கு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

"இன்னா திடீர்னு?" என்று கேட்டாள்.

"சும்மாதான். எத்தன பாத்தி போடுறீங்கன்னு பாக்கலாம்னு."

தனகோட்டி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விதைக்கிழங்குக் கூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அந்த ஓரத்தை முடிக்கச் சொன்னாள்.